மஞ்சள் ஸ்டிக்கர் கோழி, தேதி இன்றோடு முடிகிறது. வாங்கியது தப்பா?

ஹாரோ மருமகள் · 6 பிப்ரவரி 2025, இரவு 8.10

ஏழு மணிக்கு மேல் சூப்பர்மார்க்கெட் போனால் குளிர் ரேக்கின் ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்களே, அங்கே கோழித் தொடை ஒரு கிலோ பாக்கெட் £4.20-லிருந்து £1.60-க்கு இறங்கியிருந்தது. இரண்டு எடுத்தேன். கூடவே ரொட்டி, நான்கு டப்பா தயிர், புகைபோட்ட சால்மன் ஒரு பாக்கெட். கோழி, தயிர், சால்மன் மூன்றிலும் ‘யூஸ் பை’ இன்றைய தேதி. ரொட்டியில் மட்டும் ‘பெஸ்ட் பிஃபோர்’.

வீட்டுக்காரர் பார்த்ததும் “இவ்வளவு விலை குறைக்கிறான் என்றால் அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை” என்கிறார். நான் சொல்வது, தேதியெல்லாம் கம்பெனிக்காரன் இன்னொரு பாக்கெட் விற்க அடிப்பது. நாளை விரதம், சனிக்கிழமை சமைக்கலாம் என்று கோழியை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். யார் கட்சி சரி?

நள்ளிரவு டீ · 6 பிப்ரவரி, இரவு 8.16

வீட்டுக்காரரை ஜெயிக்க விடுங்கள். கோழியை இந்தப் பக்கம் அனுப்புங்கள்.

வெம்பிளி ஐயா · 6 பிப்ரவரி, இரவு 8.31

பிள்ளை, ஊரிலே நாங்கள் மீன் வாங்கினது தேதி பார்த்தா? செவுளைத் தூக்கிப் பார்ப்பம், கண் பார்ப்பம், மணந்து பார்ப்பம். கோழியும் அப்படித்தான். சனிக்கிழமை பாக்கெட்டைத் திறந்து மணந்து பாருங்கோ. மணம் இல்லை, வழுவழுப்பு இல்லை என்றால் தாராளமாகச் சமைக்கலாம். இந்த நாட்டிலே மூக்கை மறந்துபோட்டினம், எல்லாத்துக்கும் எழுத்து வேணும்.

குளிர் அறை · 6 பிப்ரவரி, இரவு 9.05

குளிரூட்டிய சாப்பாடு பாக்கெட் போடும் ஆலையில் தரப் பிரிவில் வேலை. விவாதம் அப்புறம், முதலில் கோழியை எடுத்து ஃப்ரீசரில் போடுங்கள். ‘யூஸ் பை’ தேதி அன்று நள்ளிரவு வரைக்கும் உறைய வைக்கலாம். உங்களுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.

பாக்கெட்டோடு அப்படியே போடாதீர்கள். ஒரு கிலோ கட்டியாக இருந்தால் நடுப்பகுதி குளிர நேரம் பிடிக்கும். ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, பையில் தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, தேதி எழுதி வையுங்கள். உறைந்தால் கிருமி சாகாது, வளர்வது மட்டும்தான் நிற்கும். அதனால் வெளியே எடுத்த பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, முழுதாக உருகின 24 மணி நேரத்துக்குள் சமைத்துவிட வேண்டும்.

ஃப்ரீசரில் இடம் இல்லையென்றால் இன்றிரவே குழம்பு வைத்துவிடுங்கள். வெந்த குழம்புக்குக் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். விரதத்துக்கும் இடைஞ்சல் இல்லை.

ஹாரோ மருமகள் · 6 பிப்ரவரி, இரவு 9.48

ஆறு பை ஆயிற்று. மீன் விரலும் பட்டாணியும் இருந்த இடத்தைக் காலி செய்தாயிற்று. பட்டாணி நாளைக்கு உருளைக்கிழங்கோடு சேரும்.

சரி, இப்போது சொல்லுங்கள். சனிக்கிழமை வரை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐயா சொன்ன மாதிரி முகர்ந்து பார்த்தால் போதாதா?

குளிர் அறை · 6 பிப்ரவரி, இரவு 10.40

பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதுதான் இதில் சிக்கல். பத்து தடவை ஒன்றும் ஆகாமல் போனதும் ஐயா மாதிரி நம்பிக்கை வந்துவிடுகிறது.

கோழியைக் கெட்டுப்போகச் செய்து நாற்றம் கிளப்புகிற கிருமிக் கூட்டம் வேறு, நம்மைப் படுக்க வைக்கிற கூட்டம் வேறு. சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் இரண்டும் புதுக் கோழியிலேயே இருக்கலாம், மணமே இருக்காது. லிஸ்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும், அதுவும் மணம் காட்டாது. கெட்டுப்போகிறதா என்பதை மூக்கு கண்டுபிடிக்கும், ஆபத்தா என்பதைக் கண்டுபிடிக்காது. ஊர் மீன் சந்தையில் ஐயாவின் முறை செல்லுபடியாகக் காரணம், அந்த வெக்கையில் கெடுக்கிற கூட்டம் முந்திக்கொள்ளும். மீன் பெரும்பாலும் ஆபத்தாகும் முன்னரே நாறிவிடும். ஃப்ரிட்ஜில் அந்த வரிசை மாறலாம்.

இரண்டு வகைத் தேதிக்கும் வித்தியாசம் இதுதான். ‘யூஸ் பை’ பாதுகாப்புக்கு. அந்தத் தேதி தாண்டியதைக் கடைக்காரர் விற்றால் குற்றம், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். ‘பெஸ்ட் பிஃபோர்’ ருசிக்கும் மொறுமொறுப்புக்கும். அது தாண்டினதை விற்கலாம், பண்டம் கெடாமல் இருந்தால் போதும். ‘டிஸ்ப்ளே அன்டில்’ என்று பார்த்தால் அது கடைப் பையனுக்கு, உங்களுக்கு இல்லை.

வெம்பிளி ஐயா · 7 பிப்ரவரி, காலை 6.55

தம்பி, கோழி விசயத்தை ஒப்புக்கொள்ளுறன். ஆனால் பால்? போன கிழமை தேதி தாண்டின பாலிலே தேத்தண்ணி போட்டுக் குடிச்சனான். ஒண்டும் இல்லை.

குளிர் அறை · 7 பிப்ரவரி, காலை 7.20

பாலில் மூக்கை நம்பலாம் ஐயா. பாஸ்டரைஸ் செய்த பாலில் நோய்க்கிருமிகள் சூட்டில் போய்விடும், மிஞ்சுவது புளிக்க வைக்கிற கூட்டம். அது முதலில் மணம் காட்டும். மாரிசன்ஸ் சூப்பர்மார்க்கெட் 2022 தொடக்கத்தில் தன் சொந்தப் பாலில் பெரும்பகுதிக்கு ‘யூஸ் பை’யை எடுத்துவிட்டு ‘பெஸ்ட் பிஃபோர்’ போட்டு, முகர்ந்து பார்த்துக் குடியுங்கள் என்றது இதனால்தான்.

நள்ளிரவு டீ · 7 பிப்ரவரி, காலை 9.02

ஐயாவுக்கு ஒரு கோல்.

கோவை மளிகை · 7 பிப்ரவரி, மதியம் 12.30

நம்ம ஊர் கதை வேறங்க. பலசரக்குக் கடை வச்சிருக்கேன். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐயோட 2020 லேபிள் விதிப்படி ‘எக்ஸ்பயரி’ அல்லது ‘யூஸ் பை’ கட்டாயம். ‘பெஸ்ட் பிஃபோர்’ விருப்பம் இருந்தா கூடச் சேர்த்துக்கலாம். அதனால பிஸ்கட்டுக்கும் எக்ஸ்பயரி, பன்னீருக்கும் எக்ஸ்பயரி. எது பாதுகாப்புக்கு, எது ருசிக்குன்னு தேதியைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பிஸ்கட் தேதி தாண்டிட்டா நல்லா இருந்தாலும் நான் விற்க முடியாது. டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்துக்கிட்டா சரி, இல்லைன்னா என் தலையிலதான்.

அதனால நான் தேதி நெருங்கும்போதே கவுண்டர் மேல தனிக் கூடையில போட்டுடுவேன். ஆன்லைன்காரங்களுக்கு 2024 நவம்பர்ல ஒரு அறிவுரை வந்தது, வீட்டுக்குக் கொடுக்கும்போது ஆயுசுல 30 சதவீதமாவது, இல்லைன்னா 45 நாளாவது மிச்சம் இருக்கணும்னு. எங்க கூடைக்கு அந்த மாதிரி எதுவும் சொல்லலை. வாங்குறவங்கதான் பார்த்துக்கணும்.

லெஸ்டர் கணேஷ் அம்மா · 7 பிப்ரவரி, மதியம் 1.15

என் கேள்வி இதுக்குள்ளே வருமா தெரியவில்லை. பாராசிட்டமால் தேதி போன மாதம் முடிந்தது. மஞ்சள் ஸ்டிக்கர் எதுவும் இல்லை, முழு விலைக்கு வாங்கினதுதான். போடலாமா?

நள்ளிரவு டீ · 7 பிப்ரவரி, மதியம் 1.22

அம்மா, இது கோழிக்கடை. அந்தக் கேள்விக்கு மருந்துக்கடை பார்மசிஸ்ட். பழைய மாத்திரையையும் அங்கேயே கொடுத்தால் அவர்களே அப்புறப்படுத்துவார்கள்.

ஹாரோ மருமகள் · 7 பிப்ரவரி, மாலை 5.30

சால்மனை மறந்துவிட்டேன்! நேற்று கோழியோடு ஃப்ரீசரில் போயிற்று. மாமியாருக்கு எழுபது ஆகிறது, ஊரிலிருந்து வந்திருக்கிறார். உருக்கி அப்படியே ரொட்டியில் வைத்துக் கொடுக்கலாமா?

குளிர் அறை · 7 பிப்ரவரி, மாலை 6.45

அப்படியே கொடுக்க வேண்டாம். புகைபோட்ட சால்மன் மீதுதான் எனக்குத் தள்ளுபடி விஷயத்தில் அதிக பயம். கோழியைச் சமைத்துத்தானே சாப்பிடப் போகிறோம், சூடு ஒரு கடைசிக் காவல். குளிர்ப் புகையில் போட்ட சால்மன் வேகாதது, பாக்கெட்டிலிருந்து நேராக வாய்க்குப் போகும். லிஸ்டீரியாவுக்கு அந்த வெற்றிடப் பை வசதியான வீடு, ஆயுசு நீள நீளப் பெருகும். தேதியின் கடைசி நாளில் வாங்குகிறவர் அது பெருகக் கிடைத்த முழு நேரத்தையும் சேர்த்து வாங்குகிறார். ஃப்ரீசர் அதைக் கொல்லாது.

நமக்கு வந்தால் வயிற்றுக் கோளாறோடு போய்விடலாம். அறுபத்தைந்துக்கு மேல், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் ஆஸ்பத்திரி வரை போகும். மாமியாருக்கு என்றால் உருகியதும் உதிர்த்து, ஆவி பறக்கும் அளவுக்கு நன்றாகச் சூடாக்கிக் கொடுங்கள். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் குளிர்ப் புகையில் போட்ட மீனை வேகவைக்காமல் கொடுக்கவே வேண்டாம், முழு விலை கொடுத்து வாங்கினதையும்.

வெம்பிளி ஐயா · 7 பிப்ரவரி, இரவு 7.10

சால்மனைச் சொதிக்குள்ளே போடலாம் பிள்ளை. உப்பு குறைச்சுப் போடுங்கோ, அதிலே ஏற்கனவே இருக்கு.

ஹாரோ மருமகள் · 7 பிப்ரவரி, இரவு 7.18

£6 சால்மன் £2-க்கு வாங்கிச் சொதியில் போடுவதா. வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

குளிர் அறை · 7 பிப்ரவரி, இரவு 8.00

சிரிக்கட்டும். ஆனால் நியாயமான விலையா என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. மெல்லிய பச்சைத் துண்டாகச் சாப்பிடத்தான் சால்மனுக்கு அந்த விலை. வேகவைக்கப் போகிறீர்கள் என்றால் அதோடு ஒப்பிட வேண்டியது உறைந்த சாதா மீனின் விலை. அந்தக் கணக்கில் £2 மலிவா என்று பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரி? நாங்கள் ஆலையில் தேதி வைக்கும்போது பாக்கெட்டைச் சில நாள் நல்ல குளிரில், பிறகு கொஞ்சம் வெப்பமான இடத்தில் வைத்து, நாளுக்கு நாள் எடுத்துச் சோதிப்போம். வீட்டு ஃப்ரிட்ஜ் சரியில்லை என்று முன்கூட்டியே ஓரளவு விட்டுத்தான் வைப்போம். ஆனால் எல்லை உண்டு. 5 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். நிறைய வீட்டில் 8, 9 காட்டும். கதவில் ஓடும் எண்ணை நம்பாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, ராத்திரி முழுதும் விட்டுக் காலையில் தெர்மாமீட்டரை அதில் முக்கிப் பாருங்கள். கம்பெனிக்காரன் இன்னொரு பாக்கெட் விற்க முன்கூட்டித் தேதி அடிக்கிறான் என்று முதலில் சொன்னீர்கள். கொஞ்சம் முன்கூட்டித்தான், ஆனால் அந்த இடைவெளியை உங்கள் ஃப்ரிட்ஜ் ஏற்கனவே தின்றுவிட்டிருக்கலாம்.

ஹாரோ மருமகள் · 8 பிப்ரவரி, காலை 8.05

டம்ளர் தண்ணீர் 7.5. வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜின் குளிர்க் குமிழை இரண்டு புள்ளி முறுக்கினார். இப்போது கீரை ஓரத்தில் பனி கட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும், தேடிக்கொண்டிருக்கிறோம்.

வெம்பிளி ஐயா · 8 பிப்ரவரி, காலை 10.20

தோசை மாவை ஒருத்தரும் கேட்கேல்லை. தமிழ்க்கடையிலே டப்பாவிலே விற்கிறாங்கள், பேனாவாலே தேதி எழுதி, முடியிற அன்றைக்குப் பாதி விலை. நான் அதைத்தான் வாங்கிறனான். தேதி பிந்தினால் புளிக்கும், அவ்வளவுதான். புளிச்ச மாவிலே நல்ல ஊத்தப்பம் வரும். கொஞ்சம் ரவையும் வெங்காயமும் போட்டால் போதும். மேலே கறுப்பு, இளஞ்சிவப்பு என்று புள்ளி வந்தாலோ, புளிப்பு மணம் போய் வேறை மணம் வந்தாலோ குப்பைக்குப் போகோணும், வழிச்செடுத்துப்போட்டு மிச்சத்தைப் பாவிக்கக் கூடாது.

குளிர் அறை · 8 பிப்ரவரி, காலை 11.40

இதில் ஐயா சொல்வதோடு எனக்கு வாதமே இல்லை. புளிப்பு ஏற ஏற நோய்க்கிருமிக்கு இடம் சுருங்கும். பிறகு தோசைக்கல்லின் சூடு வேறு. ஒன்றே ஒன்று, டப்பா மூடி புடைத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது வாயு. மாவுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. கோழி பாக்கெட்டின் மேல் ஏடு புடைத்திருந்தால், தேதி இரண்டு நாள் மிச்சம் இருந்தாலும் எடுக்காதீர்கள்.

கோவை மளிகை · 8 பிப்ரவரி, மதியம் 2.00

ஸ்டிக்கர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. தள்ளுபடி ஸ்டிக்கரைப் பழைய தேதி மேலேயே ஒட்டியிருந்தா எடுக்காதீங்க. பக்கத்துல ஒட்ட இடம் இருக்குறப்போ ஏன் அதை மறைக்கணும்? நகத்தால ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாத் தெரிஞ்சிடும். வியாபாரி சொல்றேன், கேளுங்க.

ஹாரோ மருமகள் · 8 பிப்ரவரி, மாலை 4.35

இன்று வேறொரு கடை. ஆட்டா மாவு 10 கிலோ £11, இப்போது £7.50. பெஸ்ட் பிஃபோர் ஐந்து வாரத்தில் முடிகிறது. பாதுகாப்புப் பயம் இல்லை என்று குளிர் அறை சொல்லிவிட்டார், அப்போ வாங்கிவிடலாம்தானே? கடை வாசலிலிருந்து கேட்கிறேன்.

கோவை மளிகை · 8 பிப்ரவரி, மாலை 4.41

வாரத்துக்கு எவ்வளவு சப்பாத்தி?

ஹாரோ மருமகள் · 8 பிப்ரவரி, மாலை 4.43

மாமியார் இருப்பதால் கிலோ ஒன்று ஆகிறது. அவர் மார்ச் கடைசியில் கிளம்பிவிடுவார். பிறகு அரைகூட வராது.

கோவை மளிகை · 8 பிப்ரவரி, மாலை 4.52

சாதா விலைக்குக் கிலோ £1.10. தள்ளுபடியில பத்தும் தின்னா 75 பென்ஸ். தேதிக்குள்ள அஞ்சு கிலோ போகும், மாமியார் கிளம்புற வரை இன்னொரு ரெண்டு கிலோ. ஏழு கிலோ தின்னுட்டு மிச்சத்தைக் கொட்டினா கிலோ £1.07. மூணு பென்ஸுக்காக 10 கிலோ மூட்டையை பஸ்ல தூக்கிட்டுப் போறீங்க. அஞ்சோட நின்னு போச்சுன்னா கிலோ £1.50, நஷ்டம்.

ஸ்டிக்கர்ல இருக்கிற விலையைப் பார்க்காதீங்க, வயித்துக்குள்ள போகிற கிலோவுக்கு என்ன விலைன்னு பாருங்க. எங்க கூடையில பிஸ்கட் வாங்குறவங்ககிட்டயும் நான் இதைச் சொல்றதில்லை, சொன்னா யாவாரம் நடக்காது.

குளிர் அறை · 8 பிப்ரவரி, மாலை 5.30

தவிடோடு அரைத்த மாவில் எண்ணெய் இருக்கும், அதுதான் முதலில் சிக்கு வாடை அடிக்கும். மைதாவோ வெள்ளை அரிசியோ என்றால் தேதியைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஆட்டா, முந்திரி, எள், தேங்காய்த் துருவல் இவற்றில் பெஸ்ட் பிஃபோரை ஓரளவு மதிக்கலாம். நோய் வராது, சப்பாத்தி கசக்கும். இங்கே மூக்கை முழுசாக நம்பலாம். ஃப்ரீசரில் இடம் இருந்தால் ஆட்டாவும் அங்கே நாள்பட நிற்கும், ஆனால் உங்கள் ஃப்ரீசரில்தான் ஆறு பை கோழி இருக்கிறதே.

ஹாரோ மருமகள் · 8 பிப்ரவரி, மாலை 6.15

வாங்கவில்லை. ஐந்து கிலோ முழு விலைக்கு எடுத்து வந்தேன். அரை மணி யோசித்த கூலியை யார் தருவது.

லெஸ்டர் கணேஷ் அம்மா · 9 பிப்ரவரி, காலை 9.50

கோழியைக் கழுவாமல் பையில் போட்டீர்களா? மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசாமல் எனக்குக் கை வராது.

குளிர் அறை · 9 பிப்ரவரி, காலை 10.10

கழுவினால் கிருமி போவதில்லை அம்மா, சிங்கைச் சுற்றித் தெறிக்கிறது. பக்கத்தில் சாலட் இருந்தால் அதிலும். வேகவைக்கிற சூட்டில்தான் அது சாகும். மஞ்சளைக் குழம்பில் போடுங்கள்.

லெஸ்டர் கணேஷ் அம்மா · 9 பிப்ரவரி, காலை 10.12

என்னால் முடியாது.

நள்ளிரவு டீ · 9 பிப்ரவரி, காலை 10.30

இதில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜாஃப்னா வரைக்கும் ஒரே அணி. குளிர் அறை தனியாக நிற்கிறார்.

ஹாரோ மருமகள் · 9 பிப்ரவரி, இரவு 8.45

முதல் பை இன்று உருக்கிச் சமைத்தேன். நேற்று ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு மாற்றினது, மாலைக்குள் நன்றாக உருகிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் விட்டது, தோல் சற்றுத் தளர்வு. குழம்பில் வித்தியாசம் தெரியவில்லை, வறுவல் செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் இரண்டு தடவை போட்டுக்கொண்டார், கட்சி மாறியதாக மட்டும் சொல்லவில்லை.

மிச்சம் இருப்பது தயிர். நான்கில் இரண்டு அன்றே தீர்ந்தது. இரண்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, யூஸ் பை தாண்டி மூன்று நாள். மூடி தட்டையாக இருக்கிறது, திறக்கவில்லை.

வெம்பிளி ஐயா · 9 பிப்ரவரி, இரவு 9.00

திறந்து சாப்பிடுங்கோ. தயிருக்குத் தேதியா! எங்கட அம்மா அறிஞ்சால்.

குளிர் அறை · 9 பிப்ரவரி, இரவு 9.35

வேலை செய்யும் இடத்தில் கேட்டால் ‘யூஸ் பை’ என்றிருந்தால் கொட்டு என்பேன், விதி அதுதான். ஆனால் ஏன் தயிரில் அந்த வார்த்தை என்று எனக்கே சந்தேகம் உண்டு. புளிப்பு அதைக் காக்கிறது. கோ-ஆப் 2022-ல் தன் சொந்தத் தயிர்களில் யூஸ் பையை எடுத்து ‘பெஸ்ட் பிஃபோர்’ ஆக்கியது. பக்கத்து ரேக்கில் இருக்கும் இன்னொரு கம்பெனித் தயிரில் இன்னும் யூஸ் பை. இரண்டு டப்பாவுக்கும் உள்ளே பெரிய வேறுபாடு இருக்கும் என்று தோன்றவில்லை. பழத்துண்டோ சாக்லெட்டோ சேர்த்தது என்றால் எனக்கு அவ்வளவு தைரியம் வராது.

வெம்பிளி ஐயா · 9 பிப்ரவரி, இரவு 9.41

அப்ப நீங்கள் சாப்பிடுவீங்களா தம்பி?

குளிர் அறை · 9 பிப்ரவரி, இரவு 10.02

சாதாத் தயிர் என்றால், வீட்டில் தனியாக இருக்கும்போது, சாப்பிட்டிருக்கிறேன். மாமியாருக்குக் கொடுக்க மாட்டேன்.

கோவை மளிகை · 10 பிப்ரவரி, காலை 7.15

அடுத்த தடவை தயிர் டப்பா நாலு வாங்காதீங்க. ரெண்டு போதும்.

நள்ளிரவு டீ · 10 பிப்ரவரி, காலை 8.20

வியாபாரி வாயிலிருந்து இந்த வார்த்தை வருவது இந்த இழையில் இரண்டாவது தடவை. கடை நன்றாகத்தானே போகிறது?